அசைவு ரிமோட்டும் சென்சார் பாரும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய நின்டெண்டோ வீ கேம் கருவி வைத்திருக்கிறோம். டிவி பக்கத்தில் வைக்கும் அதன் சென்சார் பார் பட்டையின் ஒயரை எலி கடித்துவிட்டது. "அதுதான் ரிமோட்டைப் படிக்கும் கருவி, ஒரிஜினல்தான் போட வேண்டும், மூவாயிரம் ஆகும்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பட்டையில் படிக்கும் கருவி எதுவும் கிடையாது. இரண்டு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒயர் அவற்றுக்குக் கரண்ட் கொடுக்க மட்டுமே. படிப்பது ரிமோட்டின் மூக்கில், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கேமரா. இரண்டு ஒளிப்புள்ளிகளும் தன் பார்வையில் எங்கே விழுகின்றன என்று பார்த்து, நீங்கள் டிவியில் எந்த இடத்தைக் காட்டுகிறீர்கள் என்று கணக்கிடுகிறது. புள்ளிகளின் இடைவெளி குறைந்தால் நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

சோதிக்க வேண்டுமா? டிவிக்கு முன்னால் சுமார் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுங்கள். திரைச்சீலை பக்கத்தில் இருக்கக் கூடாது. திரையில் சுட்டிக்குறி நகர்ந்தால் ரிமோட் நன்றாக இருக்கிறது. பிறகு பேட்டரியில் ஓடும் மலிவான பட்டையே போதும். கடையில் அதை ஆன் செய்து, போனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பெரும்பாலான போன்களில் விளக்குகள் ஊதா நிறத்தில் தெரியும்.

கேள்வி: மதியம் விளையாடினால் சுட்டி தாவுகிறது. இரவில் சரியாக இருக்கிறது. ரிமோட்டை மாற்றவா?

பதில்: ஜன்னலை மூடுங்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு.

கேள்வி: ஆன்லைனில் "மோஷன்பிளஸ் உள்ளது, ஒரிஜினல்" என்று போட்டிருந்த ரிமோட்டை வாங்கினேன். பவுலிங், டென்னிஸ் ஆடுகிறது. வாள்சண்டை இருக்கும் 'வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்' மட்டும் மோஷன்பிளஸ் இணைக்கச் சொல்லி நின்றுவிடுகிறது. "மற்ற கேம் ஓடுகிறதே" என்கிறார் விற்றவர்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நானும் இதே மாதிரி ஒன்றை வாங்கிப் பணம் இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2006-இல் வந்த முதல் வீ ரிமோட்டில் இருந்தது ஆக்ஸெலரோமீட்டர். சில்லுக்குள் மிக நுண்ணிய ஸ்பிரிங்குகளில் ஒரு துளி எடை தொங்குகிறது. பஸ் சட்டென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வதுபோல அது நகரும், அந்த நகர்வைச் சில்லு மின் அளவாக மாற்றும். ரிமோட் அசையாமல் இருக்கும்போது புவியீர்ப்பு மட்டுமே அதில் தெரியும். மேசையில் படுக்கவைத்தால் நீளவாக்கில் பூஜ்யம். மூக்கை 30 டிகிரி தூக்கினால் புவியீர்ப்பில் பாதி, நேராக நிறுத்தினால் முழுசு. சாய்வை அறிவது இப்படித்தான். ஆனால் மேசையில் வைத்தபடியே இடவலமாகத் திருப்பிப் பாருங்கள்: புவியீர்ப்பின் திசை மாறாததால் அதற்கு ஒன்றுமே தெரியாது.

வீசும்போது இன்னொரு சிக்கல். கை கொடுக்கும் வேகமாற்றமும் புவியீர்ப்பும் ஒரே எண்ணாகக் கலந்துவிடும், எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. புவியீர்ப்பைப்போல் சுமார் 3 மடங்குவரைதான் நம்பகமாக அளக்கும், பலமான வீச்சு அதையும் தாண்டிவிடும். டென்னிஸுக்கு இது போதும், அளவு திடீரென்று எகிறினால் "அடித்தார்" என்று கேம் எடுத்துக்கொள்கிறது. மணிக்கட்டை மட்டும் சுண்டினாலும் பந்து பறப்பது அதனால்தான். வாள் கையோடு திரும்ப வேண்டுமென்றால் சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப் தேவை. 2009-இல் மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவியாக வந்து, அடுத்த ஆண்டு ரிமோட்டுக்குள்ளேயே சேர்ந்தது அதுதான்.

பெட்டியில் "மோஷன் சென்சார்" என்று மட்டும் அச்சிட்டு, இந்த இரண்டில் எது உள்ளே இருக்கிறது என்று சொல்லாமல் விற்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரிமோட்டின் மேல் உள்ள எழுத்தையும் போலிகள் காப்பியடிக்கின்றன. உங்கள் கேம் செய்ததே சரியான சோதனை. சில போலிகளில் மட்டமான ஜைரோ இருக்கும். ரிமோட்டை மேசையில் வைத்த பிறகும் திரையில் வாள் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தால், முதலில் கேம் சொல்கிறபடி சமதளத்தில் கவிழ்த்து வைத்துச் சரிசெய்யுங்கள். அப்புறமும் திரும்பினால் வேண்டாம்.

விளம்பரப் பக்கத்தையும் அந்தக் கேம் காட்டும் செய்தியையும் படமெடுத்து, பில்லோடு விற்றவருக்கு எழுதுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

கேள்வி: நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில் அதன் ஜாய்கான் ரிமோட்டால் சுட்டினால் குறி மெல்ல விலகிப் போகிறது. சென்சார் பார் வாங்கிவிட்டேன், எப்படிப் பொருத்துவது?

பதில்: பொருத்த முடியாது. ஜாய்கான் டிவியைப் பார்ப்பதே இல்லை, ஜைரோவை வைத்தே சுட்டுகிறது. சுழற்சியைக் கூட்டிக்கொண்டே போவதால் சின்னப் பிழைகளும் சேர்ந்து குறி விலகும். அதைச் சரிசெய்யத்தான் குறியை நடுவுக்குக் கொண்டுவரும் பட்டனைப் பல கேம்கள் வைத்திருக்கின்றன. வாங்கும் முன் பெட்டியில் "வீ" என்று இருந்ததைப் படித்திருக்கலாமே? பிரிக்கவில்லை என்றால் இன்றே திருப்பிக் கொடுங்கள்.