கோரம் கேள்வியில் மட்டும் ஏன் மார்க் போகிறது?

"கம்பெனிச் சட்டத்தில், கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற கோரம் பற்றிய பிரிவு 103 மனப்பாடம். ஆனால் சிறு விடை எழுதும்போது விதிவிலக்கு விட்டுப்போகிறது. நாகர்கோவிலில் கோச்சிங் போகிறேன். என்ன செய்யலாம்?"

தம்பி, பிரிவை வைத்து அட்டவணை போடாதீர்கள். பழைய கேள்விகளில் எந்த ஒரு வார்த்தையால் விடை மாறியது என்று பார்த்து, அந்த வார்த்தையைத்தான் முதல் கட்டத்தில் எழுத வேண்டும். அடுத்த கட்டத்தில் பொது விதி, மூன்றாவதில் அது எப்படி மாறுகிறது என்பது.

ஒரு கணக்கு பாருங்கள். குலசேகரம் பக்கம் ஒரு பப்ளிக் ரப்பர் கம்பெனி, 900 உறுப்பினர்கள். பங்குதாரர்கள் கோரிக்கை வைத்துக் கூட்டிய கூட்டம், காலை 10 மணிக்கு. நேரில் 4 பேர், வராத உறுப்பினர்களுக்குப் பதிலாக வந்த பிராக்ஸி 3 பேர். ஏழு பேர் ஆச்சே என்று எழுதினால் போச்சு! ஆயிரம் உறுப்பினர்கள் வரை 5 பேர் நேரில் வேண்டும். பிராக்ஸி கணக்கில் வராது. ஆகவே கோரம் இல்லை.

அப்புறம் 'கோரிக்கை' என்ற வார்த்தை. சாதாரணக் கூட்டமென்றால் அரை மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும். கோரிக்கைக் கூட்டமோ 10.30-க்கு ரத்து. நானும் இதைத் 'தள்ளிவைப்பு' என்று எழுதி மார்க் இழந்தவன்தான்.

தள்ளிவைத்த கூட்டத்திலும் அரை மணிக்குள் கோரம் சேரவில்லையென்றால் வந்தவர்களே கோரம். இதற்குத் தனி வரி போடுங்கள். கம்பெனியின் சொந்த விதிகளான ஆர்ட்டிகிள்ஸ் அதிக எண்ணிக்கை கேட்டால் அதுதான் செல்லும். அதற்கும் ஒரு வரி.

சரி, மூன்றாவது கட்டத்தை மறைத்து, முதல் வார்த்தையை மட்டும் பார்த்து எழுதிப் பாருங்கள்.