வெளிநாடு போனாலும் ஊர் நம்பர் சாகாமல் இருக்க: கேட்டவையும் சொன்னவையும்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட போன் கடை வைத்துப் பதினான்கு வருடம், அதற்கு முன் நாலு வருடம் தோஹாவில் இருந்தவன். வெளிநாடு போகிற பிள்ளைகள் கடைசி நாளில்தான் கடைக்கு ஓடிவருவார்கள். இந்தமுறை முன்கூட்டியே கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டீர்கள்.

அண்ணை, வாற மாசம் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போறன். பாங்க் ஓடிபி எல்லாம் என்ர ஊர் நம்பருக்குத்தான் வருது. சிம்மை என்ன செய்ய, கனக்கச் செலவாகுமோ? (உரும்பிராய்)

சிம்மைக் கையோடு கொண்டு போ தம்பி, செலவு வருடத்துக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். ரோமிங்கில் இருக்கும்போது வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு எடுப்பதில்லை, காசு தின்பது வருகிற அழைப்பும் டேட்டாவும்தான். ஆகவே அந்த இரண்டையும் அடைத்துவிட்டு எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பதுதான் வேலை.

முதலில் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பார். ஏஎல் படிக்கும்போது அப்பாவின் அடையாள அட்டையில் எடுத்த சிம் என்றால், இருவருமாகப் போய் இப்போதே உன் பெயருக்கு மாற்று, பிறகு சிம் பழுதானால் அதுதான் பெரிய தலையிடி. அடுத்தது ரோமிங்கை இங்கே இருக்கும்போதே திறந்துவிட்டு, கனடாவில் எந்தெந்த நெட்வேர்க்கில் உன் பிரீபெய்ட் சிம் வேலை செய்யும் என்று கேட்டு வை. போஸ்ட்பெய்டுக்கு இருக்கும் எல்லா நாடும் பிரீபெய்டுக்கு இருக்கும் என்றில்லை.

பிறகு, விமானம் ஏறுமுன் இதை அடித்து அழைப்புப் பொத்தானை அமத்து:

```
##002#
```

எல்லா அழைப்புத் திருப்பலையும் இது நீக்கும். ஏன் தேவை என்றால், ரொறன்ரோவில் நீ எடுக்காமல் விடும் அழைப்பு வொய்ஸ்மெயிலுக்கென்று திரும்ப இலங்கைக்கு ஓடும்போது போகவும் ஒரு காசு, வரவும் ஒரு காசு என்று வெட்டுப்படலாம், நீயோ போனைத் தொட்டிருக்கவே மாட்டாய்.

அங்கே இறங்கியதும் கனடா சிம்மை ஒரு துளையிலும் ஊர் சிம்மை மற்றதிலும் போடு. மொபைல் டேட்டாவுக்கும் அழைப்புக்கும் கனடா சிம், ஊர் சிம்மில் டேட்டா ரோமிங் நிறுத்தம். ஊர் சிம்முக்கு சிக்னல் வராவிட்டால் நெட்வேர்க்கைத் தானாகத் தெரிவு செய்வதை நிறுத்திவிட்டுத் தேடவிடு, ரோஜர்ஸ், பெல், டெலஸ் என்று பட்டியல் வரும், ஒன்று மறுத்தால் அடுத்ததைத் தொடு. வரும் அழைப்பை எடுக்காதே, அம்மாவுக்கு வட்ஸ்அப் போதும்.

ரீலோட் போடாமல் விட்டால் பிரீபெய்ட் சிம்மின் காலம் முடிந்து நம்பர் போய்விடும், ஆகவே ரீலோட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 ரூபாய் என்று வீட்டில் ஒருவரிடம் பொறுப்புக் கொடு. வருடத்துக்கு 600. அந்தந்தத் தொகைக்கு எத்தனை நாள் கூடுகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, அடிக்கடி மாறியும் விடும், அதனால் ரீலோட்டுக்கு முன்னும் பின்னும் சிம் நிறுவனத்தின் அப்பில் முடிவுத் திகதியைப் பார், நகர்ந்திருந்தால் சரி. வங்கியின் அப் மூலமே ரீலோட் செய்யலாம் என்று இருந்துவிடாதே. அந்த அப் ஓடிபி கேட்கும், ஓடிபி வர சிம் வேண்டும், சிம்முக்கு ரீலோட் வேண்டும்.

என்ர நம்பர் மூன்று வருசமா வேலை செய்யுது. லண்டன்ல இருந்து அதே நம்பர்லதான் வட்ஸ்அப் பாவிக்கிறன், ரீலோட் ஒண்டும் போடேல்லையே. ஏன் ஆக்களைப் பயப்படுத்துறீங்கள்?

அக்கா, வேலை செய்வது வட்ஸ்அப், நம்பர் இல்லை. வட்ஸ்அப் முதல்நாள் ஒரு கோட் கேட்டுச் சரிபார்த்தது, அதற்குப் பிறகு அது இன்டர்நெட்டில் ஓடுகிறது, கீழே சிம் செத்துக் கிடந்தாலும் அதற்குத் தெரியாது. இப்போதே ஊரில் யாரையாவது உங்கள் நம்பருக்குச் சாதாரண அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். பாவனையில் இல்லை என்று அறிவித்தல் வந்தால் நம்பர் போய்விட்டது. வேறு யாராவது எடுத்து "ஹலோ" சொன்னால் நிலைமை அதைவிட மோசம், அதைக் கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன், வாசியுங்கள்.

மகன் சுவிசில. அவன்ர சிம் என்னட்டத்தான் கிடக்கு, பழைய பட்டன் போன்ல. நடுச்சாமத்தில எடுத்து நம்பர் சொல்லு அம்மா எண்டுறான். எனக்கு பிரசர் இருக்கு தம்பி, நித்திரையும் போட்டுது. (கோண்டாவில்)

அங்கே இரவு பத்து மணி என்றால் உங்களுக்கு விடியப்புறம் ஒன்றரை அம்மா, குளிர்காலத்தில் இரண்டரை. நீங்கள் கண்ணாடி தேடி எடுத்து, ஆறு இலக்கத்தையும் வாசித்து முடிப்பதற்குள் கோட் காலாவதியாகிவிடும், அவன் திரும்ப எடுப்பான்.

அடுத்தமுறை ஊரிலிருந்து யாராவது போகும்போது சிம்மை அவனிடமே கொடுத்தனுப்புங்கள். அனுப்புமுன் ரோமிங் திறந்திருக்கிறதா என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பட்டன் போனை அனுப்ப வேண்டாம். சுவிசில் 2ஜி மூடியாகிவிட்டது, அது அங்கே சிக்னலே பிடிக்காது. அவுஸ்திரேலியாவிலும் இதே கதைதான், அங்கே 2024இல் 3ஜியையும் நிறுத்திவிட்டார்கள். அவனுடைய போனிலேயே இரண்டாவது சிம்மாகப் போடட்டும்.

அதுவரை ஒன்றைமட்டும் கவனியுங்கள். "பாங்கிலிருந்து கதைக்கிறம், இப்ப வந்த நம்பரைச் சொல்லுங்கோ" என்று யார் எடுத்தாலும் சொல்லாதீர்கள். மகனின் குரல் கேட்டால் மட்டும். பிரசருக்கு டாக்டரைப் பாருங்கள், அது என் கடையில் இல்லை.

நீங்கள் சொல்றது பழைய முறை. ஈசிம் எடுத்தா எக்ஸ்பயர் ஆகாது. நான் வருசத்துக்கு ஒருக்கா டேட்டா பக்கேஜ் ஒண்டு போடுவன், அதோட சரி. (நோர்வே)

ஈசிம் நல்லதுதான், தொலைந்துபோகிற பிளாஸ்டிக் இல்லை, துளையும் மிச்சம். ஆனால் அது சிம் இருக்கும் வடிவம் மட்டுமே, அதற்குள் இருக்கும் பிரீபெய்ட் கணக்குக்கு அதே திகதிதான். பக்கேஜ் போட்டால் திகதி கூடுமா என்றால், சிலதில் கூடும், சிலதில் அந்தப் பக்கேஜின் நாள் மட்டும் ஓடி முடியும், கணக்கின் திகதி அசையாது. உங்களுக்கு இதுவரை சரிவந்திருந்தால் மகிழ்ச்சி, இன்றைக்கு ஒருமுறை அப்பில் திகதியைப் பாருங்கள்.

ஈசிம்மில் ஒரு பொறியும் உண்டு. போன் உடைந்தாலோ மாற்றினாலோ புதிதாக இறக்கவேண்டும், அதற்கு உங்களை நேரில் அல்லது அடையாள அட்டையோடு கேட்டால் ஒஸ்லோவிலிருந்து என்ன செய்வீர்கள்? பழைய போனை அழிக்குமுன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஐபோன். ஒரு கோலும் எடுக்கேல்லை, டேட்டாவும் ஓஃப், ஆனா பலன்ஸ் தானாக் குறையுது. களவெடுக்கிறாங்களோ? (பாரிஸ்)

களவு இல்லை, ஐமெசேஜ். ஐபோனில் சிம் மாறும்போதும் நாடு மாறும்போதும் ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் உங்கள் நம்பரைப் புதுப்பிக்க, உங்களுக்குக் காட்டாமல் வெளிநாட்டு எஸ்எம்எஸ் ஒன்று அனுப்பும். அது போகிற எஸ்எம்எஸ், அதுவும் ரோமிங்கில், காசு வெட்டும். செட்டிங்ஸில் இரண்டிலும் போய் ஊர் நம்பரில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு பிரான்ஸ் நம்பரையோ மின்னஞ்சலையோ மட்டும் விடுங்கள். பிறகும் குறைந்தால், வந்த அழைப்பை யாராவது கைதவறி எடுத்தார்களா என்று பாருங்கள். என் கடைக்கு வந்த ஒரு கணக்கில் அது மூன்று வயதுப் பிள்ளை.

அம்மா அனுப்புற எஸ்எம்எஸ் வருது. பாங்க் கோட் மட்டும் வரேல்லை. ரோமிங் பிழையோ?

அம்மாவினது வருகிறதென்றால் ரோமிங் பிழையில்லை, உங்கள் போன் எங்கே இருக்கிறது என்று ஊர் நெட்வேர்க்குக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டுமே வராவிட்டால்தான் நெட்வேர்க்கைக் கையால் மாற்றிப் பார்க்கவேண்டும்.

இனி வந்த நேரத்தைப் பாருங்கள். போன் நிறுத்திக் கிடந்தால் எஸ்எம்எஸ் நிலையத்தில் காத்திருந்து திரும்பத் திரும்ப முயற்சிக்கும், அப்படி மூன்று மணித்தியாலம் கழித்து நாலு கோட் ஒன்றாக விழுந்தால் அது தாமதம், ஆகவே கோட் கேட்பதற்குக் கால் மணித்தியாலம் முன்னரே சிம்மை எழுப்பி விடுங்கள். ஒருபோதும் விழவில்லை என்றால் முதலில் ஸ்பாம் பெட்டியையும் தடுத்த பட்டியலையும் பாருங்கள், வங்கியின் பெயரில் வருவதைச் சில போன்கள் விளம்பரமென்று ஒதுக்கிவிடும். அங்கும் இல்லாவிட்டால் வங்கியிடம் "இந்தத் திகதி, இந்த நேரம், அனுப்பினீர்களா" என்று எழுதிக் கேளுங்கள். "வரவில்லை" என்று மட்டும் எழுதினால் போனை ஒருமுறை நிறுத்திப் போடச் சொல்லித்தான் பதில் வரும்.

கையோடு மின்னஞ்சலுக்கும் கோட் அனுப்புவார்களா என்று கேட்டு வையுங்கள். சில வங்கிகள் கையெழுத்து வைத்த கடிதத்துக்கு வெளிநாட்டு நம்பரையே பதிவு செய்யும், அப்படியானால் இந்தப் பாடு எதுவும் இல்லை.

நம்பர் ஏற்கனவே போட்டுது. வேற ஆரோ எடுக்கினம். இனி?

முதல் அழைப்பு வங்கிக்கு, சிம் நிறுவனத்துக்கு இல்லை. அந்த நம்பருக்கு இனி எதுவும் அனுப்பாதபடி நிறுத்தச் சொல்லுங்கள். எனக்கே நடந்தது. தோஹாவில் இருந்தபோது சிம்மைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மறந்தேன், திரும்பி வந்து கேட்டால் நம்பர் இன்னொருவருக்குப் போய்விட்டது என்றார்கள். அவர் நல்ல மனிதர், என் வங்கி மீதி குறைந்த செய்தி வரும்போதெல்லாம் யாரோ ஒருவருக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். எல்லாருக்கும் அப்படி ஆள் கிடைக்காது. நம்பர் திரும்பக் கிடைப்பது அரிது, புது நம்பரை வங்கியில் பதிய நேரிலோ தூதரகத்தில் உறுதிப்படுத்திய கடிதத்தாலோ என்ன வழி என்று அந்தக் கிளையிடமே கேளுங்கள்.

ரோமிங்கே தேவையில்லை, வைஃபை கோலிங் போட்டா ஊரில இருக்கிற மாதிரித்தான் எண்டு நண்பன் சொல்றான். உண்மையோ?

போன் மொடலும் நிறுவனமும் ஒத்துப்போனால் வைஃபை வழியாகவே எஸ்எம்எஸ் வரும், உண்மை. வெளிநாட்டு இணைப்பிலிருந்து அதை விடுவார்களா என்பதில்தான் சிக்கல். என்னிடம் சிம் எடுத்த ஒருவர் பேர்கனில் இப்படித்தான் ஓட்டுகிறார், அதே நிறுவனம், அதே மொடல், சூரிச்சில் இருக்கும் அவருடைய தம்பிக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. காரணம் எனக்குப் பிடிபடவில்லை. போகுமுன் வீட்டில் பிளைட் மோடில் வைஃபையை மட்டும் போட்டு ஒரு கோட் வரவழைத்துப் பாருங்கள், இங்கேயே வராவிட்டால் அங்கே வராது. இங்கே வந்தாலும் ரோமிங்கைத் திறந்துவிட்டே போங்கள்.