கையை விட்டுப் போன பிறகும் பொருள் மாறாத சுருக்கம்

"22 ஸ்லைடு பிபிடிக்கு ஒரு சுருக்கம் எழுதச் சொல்கிறார்கள். அது யார் யாருக்கோ ஃபார்வர்ட் ஆகும், கூட பிபிடி போகுமா என்றுகூடத் தெரியாது. எவ்வளவு விவரம் வைப்பது, எதை விடுவது?"

நான் மண்டபம் பக்கம் மகளிர் குழுக்களுடன் கடல்பாசி வளர்ப்பில் வேலை செய்கிறேன். 2023இல் ஐந்து குழுக்கள் சேர்ந்து 40 மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் பாசியைச் சோதனையாக ஒரு சுற்று வளர்த்தார்கள். முடிவுகளை 22 ஸ்லைடில் போட்டு, மேலே இப்படி ஒரு சுருக்கம் எழுதினேன்:

"கடல்பாசி சோதனை வெற்றி. மிதவைக்குச் சராசரி 240 கிலோ. 45 நாளில் அறுவடை. வடகடலில் விரிவாக்கக் கடனுதவி தேவை."

அது ஒரு வாரத்தில் நான்கு கை மாறி ஒரு வங்கிக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. பிபிடி வழியிலேயே எங்கோ நின்றுவிட்டது. கிளையில் இருந்தவர் தவறாக எதுவும் செய்யவில்லை. 45 நாளுக்கு ஒரு சுற்று என்றால் வருடத்துக்கு எட்டு, எட்டு தடவை 240 என்றால் 1,920 கிலோ என்று கணக்குப் போட்டார். அதைக் காய்ந்த பாசியின் விலையால் பெருக்கி, குழுக்கள் திருப்பிக் கட்டவே முடியாத அளவுக்குக் கடன் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைப் பார்த்த குழுத் தலைவி அக்கா எனக்கு போன் போட்டார். "தம்பி, 240 கிலோ ஈரப் பாசிதானே? இவுக காஞ்ச பாசின்னு நெனச்சிருக்காக."

ஆமாம், ஈர எடைதான். காய்ந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எங்கள் அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும் என்பதால் நான் எழுதவில்லை. அந்த 240உம் 32 மிதவைகளின் சராசரி. மீதி எட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. அறுத்ததில் 40 மிதவைகளுக்கும் தலா 60 கிலோவை அடுத்த சுற்றுக்கு விதையாக எடுத்து வைக்க வேண்டும். எல்லாம் கழித்துப் பார்த்தால், கடலில் போட்ட மிதவை ஒன்றுக்கு விற்கக் கிடைப்பது சுமார் 13 கிலோ காய்ந்த பாசி. படித்தவர் மனதில் பதிந்ததோ 240. பதினெட்டு மடங்கு வித்தியாசம். சுருக்கத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அப்புறம் பயந்துபோய் எதிர்ப்பக்கம் ஓடினேன். இரண்டாம் சுருக்கம் ஒன்றரைப் பக்கம். கயிற்றின் தடிமன், விதை வந்த இடம், குழுக்களைத் தேர்ந்தெடுத்த விதம் எல்லாம் அதில் இருந்தன. நடந்தது என்னவென்றால், அனுப்பியவர்கள் அதிலிருந்து மூன்று வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ஈர எடை என்ற விளக்கம் ஐந்தாம் பத்தியில் தனியாக நின்றது. விவரம் கூடியும் பலன் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரே கேள்விதான் வைத்துக்கொள்கிறேன். இது தெரியாமல் போனால், படிப்பவர் வேறு முடிவு எடுப்பாரா? எடுப்பார் என்றால் அது சுருக்கத்தில் இருக்க வேண்டும். அதுவும் எந்த எண்ணைத் திருத்துகிறதோ, அந்த எண் இருக்கும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் வைத்தால் முதல் ஃபார்வர்டிலேயே உதிர்ந்துவிடும். வாக்கியத்தின் நடுவில் இருப்பதைப் பெரும்பாலும் யாரும் பிய்த்து எடுப்பதில்லை.

கயிற்றின் தடிமன் இந்தக் கேள்வியில் உடனே விழுந்துவிட்டது. எட்டு மிதவைகள் ஏன் போயின என்பதில்தான் நிறைய நேரம் யோசித்தேன். கடன் கொடுப்பவருக்கு எட்டு என்ற எண்ணே போதும். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் படிப்பவர் தானே ஒரு காரணத்தை வைத்துக்கொள்வார், பெரும்பாலும் "பெண்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்றுதான். அதனால் ஓரா மீன் மேய்ந்ததையும் கயிறு அறுந்ததையும் ஒரு சில சொற்களில் சேர்த்தேன்.

ஊர்ச் சொற்களும் இதே போலத்தான். எங்களுக்கு வடகடல், தென்கடல் என்றால் போதும். மண்டபத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கடல், எது எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சென்னையில் படிப்பவருக்கு வடகடல் என்றால் ஒன்றும் புரியாது. தென்பக்கம் மன்னார் வளைகுடா, 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கும் பகுதி. பாசி மிதவை அங்கே போகிறது என்று யாராவது நினைத்தால் கோப்பு அன்றே நின்றுவிடும். எனவே பாக் விரிகுடா என்று முழுப் பெயரோடு எழுதி, எந்தப் பக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. வாடை என்று நாங்கள் சொல்வதை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்று மாற்றினேன். "போன மாதம்", "நாங்கள்", "மேலே உள்ள படத்தில்" மூன்றையும் எடுத்துவிட்டேன். அவை எழுதிய நாளையும் ஆளையும் ஒட்டி நிற்பவை.

கடைசியில் நின்றது இது:

"மண்டபம் பகுதியின் 5 மகளிர் குழுக்கள், பாக் விரிகுடாப் பக்கக் கடலில் (மன்னார் வளைகுடாவில் அல்ல) 2023 ஆகஸ்ட் 16 முதல் செப்டம்பர் 30 வரை 40 மிதவைகளில் கப்பாபைகஸ் பாசியை ஒரு சுற்று வளர்த்தன. ஓரா மீன் மேய்ந்தும் கயிறு அறுந்தும் 8 மிதவைகள் போக, 32இல் மொத்தம் 7,680 கிலோ ஈரப் பாசி கிடைத்தது. அந்த அறுவடையிலிருந்தே 2,400 கிலோ அடுத்த சுற்றுக்கு விதையாகப் போகும். மீதி காய்ந்தால் சுமார் 530 கிலோ, அதாவது போட்ட மிதவை ஒன்றுக்கு விற்கக் கிடைப்பது சுமார் 13 கிலோ காய்ந்த பாசி. இது ஒரே சுற்றின் அளவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வளர்த்துப் பார்க்காததால் இதை வைத்து ஆண்டு வருமானம் கணக்கிட முடியாது. குழுக்கள் கேட்பது, இரண்டாம் சுற்றுக்கு 40 மிதவைகளைச் சரிசெய்யும் கடன் மட்டுமே."

முதல் சுருக்கத்தைவிட இது பல மடங்கு நீளம். ஆனாலும் போன் திரையில் ஒன்றிரண்டு தடவை தள்ளினால் முடிந்துவிடும். "வெற்றி" என்ற சொல் போய்விட்டது. ஒரு சுற்றை வைத்து அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, எண்களைப் பார்த்து அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

அனுப்புவதற்கு முன் மதுரையில் இருக்கும் சித்தி மகளுக்கு அனுப்பினேன். பாசியைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், அதனால் அப்படிக் கேட்கவில்லை. "இதை வைத்து ஒரு மிதவைக்கு எவ்வளவு கடன் கொடுப்பாய், கணக்குப் போட்டுக் காட்டு" என்றேன். போட்டாள். அதில் விதைச் செலவு என்று ஒரு வரி இருந்தது. "2,400 கிலோ விதை வெளியில வாங்கணும்தானே அண்ணே?" என்றாள். நான் அனுப்பியதில் "விதைக்கு 2,400 கிலோ போக" என்று மட்டும் இருந்தது. "அந்த அறுவடையிலிருந்தே" என்பது அதன் பிறகு சேர்த்ததுதான்.

நேரம் இருந்தால் பிபிடியின் உள்ளேயும் ஒரு வேலை செய்யுங்கள். யாராவது ஒரு ஸ்லைடை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பத்தான் போகிறார்கள். எங்கள் 240 கிலோ ஸ்லைடின் தலைப்பு இப்போது "அறுவடை கிடைத்த 32 மிதவைகளில் சராசரி 240 கிலோ ஈர எடை" என்று இருக்கிறது. அந்த வங்கிக்குப் புதுத் தாளை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பழைய கணக்கை அடித்துவிட்டு, 13ஐ வைத்து என் முன்னாலேயே மறுபடி போட ஆரம்பித்தார்.