ரவுட்டர் லிஸ்டில நிக்கிறது ஆர்? கேள்வி பதில்

உப்புவெளி, ஆசிரியை: தம்பி, ரவுட்டர் லிஸ்டில Espressif எண்டு ஒண்டு நிக்குது. அந்தப் பேரில ஒரு சாமானும் நாங்க வாங்கேல்ல. பக்கத்து வீட்டுக்காரர் களவாப் பாவிக்கினமோ? பாஸ்வேர்டை இப்பவே மாத்தட்டோ?

இப்ப மாத்தாதேங்கோ டீச்சர். மாத்தினா அது அறுந்துபோம், பிறகு என்னெண்டு கண்டுபிடிக்கேலாது. முதல் அந்த வரியைப் படம் எடுத்து வையுங்கோ. நீங்க அனுப்பினது இது:

```
192.168.1.23  5C:CF:7F:1B:A2:40  ESP_1BA240
```

நடுவில இருக்கிறது மாக் அட்ரஸ், வைபை சிப்பின்ர அடையாள இலக்கம். அதில முதல் மூண்டு சோடி, 5C:CF:7F, இந்த இலக்கங்களைப் பங்கிடுற ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பு கம்பனிக்குக் குடுத்தது. Espressif ஷங்காயில வைபை சிப் செய்யிற கம்பனி. அந்தச் சிப்பை வாங்கி பல்ப், பிளக், சுவிட்ச் எண்டு ஆயிரம் பேர் செய்யினம். பெட்டியில அவையின்ர பேர்தான் இருக்கும். கடைசி மூண்டு சோடியும் பேரில இருக்கிற 1BA240-உம் ஒண்டுதான் பாருங்கோ. ஆரும் பேர் வைக்காட்டி சிப் தானே வைக்கிற பேர் அது. பக்கத்து வீட்டுப் போன் இப்பிடி வராது. அநேகமா உங்கட வீட்டுச் சாமான்தான்.

எதெண்டு பிடிக்க, விண்டோஸ் கணினியில இதை ஓட விடுங்கோ:

```
ping -t 192.168.1.23
```

பதில் ஓடிக்கொண்டிருக்க, வீட்டில உள்ளதுகளை ஒவ்வொண்டா நிப்பாட்டுங்கோ, ஒவ்வொண்டுக்கும் ஒரு நிமிசம் பொறுங்கோ. பதில் நிக்கிற இடத்தில ஆள் ஆப்பிடும். ஒரு ஏமாத்து இருக்கு: சிலவேளை "Reply from" எண்டுதான் வரும், ஆனா அதுக்குப் பின்னால உங்கட கணினியின்ர இலக்கமும் "Destination host unreachable" எண்டும் இருக்கும். அது பதில் இல்லை, ஆள் போயிட்டார் எண்டு அர்த்தம். ரவுட்டர் லிஸ்டைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. 192 எண்டு தொடங்கிற விலாசத்தை ரவுட்டர் குறிச்ச நேரத்துக்குக் குத்தகைக்குக் குடுக்கிறதால, சாமானைக் கழட்டி மணித்தியாலக்கணக்கான பிறகும் பேர் லிஸ்டில நிக்கும்.

கிண்ணியா, போன் திருத்துறவர்: நானா, இவ்வளவு கரைச்சல் எதுக்கு? மாக் அட்ரஸ் சிப்பில பொறிச்சது, மாறாது. அதை பிளாக் பண்ணினா முடிஞ்சுது.

பல்புக்குச் சரி தம்பி, போனுக்குப் பிழை. 2019 இல வந்த ஆண்ட்ராய்ட் 10 இல இருந்தும், 2020 இல வந்த ஐஓஎஸ் 14 இல இருந்தும் போன்கள் ஒவ்வொரு வைபைக்கும் ஒரு கற்பனை விலாசம் காட்டுது. விலாசத்தின்ர ரெண்டாவது எழுத்தைப் பாருங்கோ. 2, 6, A, E இதில ஒண்டெண்டா அது கம்பனி குடுத்ததில்லை, கம்பனிப் பேரைத் தேடிப் பிரயோசனமில்லை. டீச்சரின்ர 5C-யில ரெண்டாவது C, அதால தேடலாம்.

அவரே: அஞ்சு வருசமா பிளாக் பண்ணிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தனும் திரும்பி வரல்ல.

வந்தவன் வேற விலாசத்தில வந்திருப்பான், நீங்க புது ஆள் எண்டு நினைச்சிருப்பியள். போனில கற்பனை விலாசம் காட்டுற தெரிவை நிப்பாட்டினாலே விலாசம் மாறிப்போம்.

அவரே: அப்ப பாஸ்வேர்ட் தெரிஞ்சவனை எப்பிடி மறிக்கிற?

பாஸ்வேர்டை மாத்தித்தான். ஆனா *கடைசியா*. முதல் படம், பிறகு பிங், அதுக்குப் பிறகுதான் பாஸ்வேர்ட்.

சாம்பல்தீவு: எங்கட லிஸ்டில Hon Hai எண்டு ஒண்டு. சீன ஹேக்கரோ?

பொக்ஸ்கொன்தான் அது, மற்றக் கம்பனியளுக்குச் சாமான் செய்து குடுக்கிற தாய்வான் கம்பனி. லாப்டொப்பையோ பிறின்டரையோ நிப்பாட்டிப் பாருங்கோ.

அலஸ்தோட்டம்: பின்னேரத்தில நெற் சரியான ஸ்லோ, என்ன செய்யலாம்?

இது வேற கேள்வி. இணைப்புத் தந்தவையைக் கேளுங்கோ.

மூதூர்: எங்கட வீட்டிலயும் Espressif எண்டு வருது, பாஸ்வேர்டை மாத்திட்டன்…

மேல டீச்சருக்கு எழுதினதை வாசியுங்கோ. மாத்த வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது!

நிலாவெளி, விருந்தினர் விடுதி: என்ர லிஸ்டில 30 வரி, பாதிக்கு மேல ரெண்டாவது எழுத்து A, E. ஆர் ஆரெண்டு எப்பிடிப் பிரிக்கிற?

பிரிக்கேலாது அக்கா. போன வெளிநாட்டுக்காரரின்ர பேரும் அதுக்குள்ள நிக்கும். உங்கட சாமான்களின்ர விலாசத்தை மட்டும் கொப்பியில எழுதி வையுங்கோ. விருந்தினருக்கு ரவுட்டரில தனி வைபை போட்டுக் குடுங்கோ. அதுக்குள்ள நிக்கிறது ஆரெண்டு எனக்கும் தெரியவராது.

உப்புவெளி, ஆசிரியை: தம்பி, சாமியறை லைற்றை நிப்பாட்டினவுடன பதில் நிண்டிட்டுது. மருமகன் கொழும்பில இருந்து கொண்டுவந்து போட்ட நிறம் மாறுற பல்ப். ஆனா இன்னொரு வரியும் கிடக்கு, DA எண்டு தொடங்குது.

DA-யில ரெண்டாவது A. அநேகமா ஏதோ போன்தான், மருமகனிட்ட போனைத் தரச் சொல்லி வைபை விபரத்தைத் திறந்து பாருங்கோ.