தேவாரம் பாடியதற்குக் காப்பிரைட் கிளெய்ம் வந்தால்

கேள்வி: "ஓதுவார் பாடின தேவார வீடியோவுக்கு யூடியூப்ல காப்பிரைட் கிளெய்ம் வந்து, வருமானம் வேற கம்பெனிக்குப் போகுது. எதிர்த்தா ஸ்ட்ரைக் வந்து சேனலே போயிடும்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க. என்ன செய்யலாம்?"

உங்களுடையது ஏறக்குறைய எங்கள் வீட்டுக் கதை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. மயிலாப்பூரில் என் மாமனாரின் சேனலைப் பார்த்துக்கொள்பவள், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பயத்துக்குப் பதில். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்பது உங்கள் ஒலியைத் தன்னிடம் உள்ள பதிவுகளோடு இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து ஒட்டும் சீட்டு. அதனால் அந்த ஒரு வீடியோவின் பணம் திசைமாறும், சேனலுக்கு ஒன்றும் ஆகாது. வீடியோவை நீக்கச் சொல்லி உரிமையாளர் முறைப்படி கேட்டு, அது ஏற்கப்பட்டால்தான் ஸ்ட்ரைக். தொண்ணூறு நாளைக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால்தான் சேனலுக்கு ஆபத்து. உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

எங்களுக்கு நடந்தது இது. மாமா ஓய்வுபெற்ற ஓதுவார். பங்குனிப் பெருவிழா சமயத்தில், மொட்டை மாடியில் உட்கார்ந்து, சுருதிப்பெட்டி மட்டும் வைத்துக்கொண்டு, சம்பந்தர் மயிலையில் பாடிய 'மட்டிட்ட புன்னையங் கானல்' பதிகத்தைச் சீகாமரப் பண்ணில் முழுசாகப் பாடினார். நடுவில் ஒரு காக்கை கத்துவதுகூடக் கேட்கும். அறுபத்துமூவர் விழாவை ஒட்டி ஏற்றினோம். எங்கள் மாதிரிச் சேனலுக்கு வருஷத்தில் நாலு காசு வருவதே அந்த வாரத்தில்தான். மறுநாள் காலையிலேயே ஒரு இசை நிறுவனத்தின் பெயரில் கிளெய்ம் நின்றது. அவர்கள் வெளியிட்டிருந்த பழைய பதிவில் வேறொரு ஓதுவார், வயலின், மிருதங்கத்தோடு அதே பதிகத்தை அதே பண்ணில் பாடியிருக்கிறார். வழிவழியாக வரும் பண்முறையில் இரண்டு பேர் பாடினால் போக்கு ஒன்றாகத்தானே இருக்கும்? அதை இயந்திரம் 'அவர்கள் மெட்டு' என்று எடுத்துக்கொண்டது.

"தேவாரத்தில் காசு பார்க்கிறார்களா" என்று இங்கே யாராவது கேட்பார்கள், தெரியும். எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஓதுவாரின் மருந்துச் செலவுக்கு அது உதவுகிறது. அந்தப் பதிகத்துக்குத் துளிகூட உழைக்காத ஒரு கம்பெனிக்கு அது போகலாம், அவருக்குப் போகக்கூடாதா?

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். YouTube Studio-வில் Content பக்கம் போய், வீடியோவுக்கு நேரே Restrictions என்ற பத்தியில் Copyright என்று இருப்பதைத் திறந்து விவரத்தைப் பாருங்கள். எந்த நிமிடத்திலிருந்து எதுவரை பொருந்துகிறது, பொருந்துவது ஒலிப்பதிவா மெட்டா என்பதைக் கவனியுங்கள். உங்கள் பதில் முழுக்க இதைப் பொறுத்துத்தான். ஒலிப்பதிவு என்றால், அவர்களுடைய பதிவை நீங்கள் எடுத்துப் போட்டதாக அர்த்தம். அப்போது 'குரலும் பதிவும் எங்களுடையவை' என்பதுதான் பதில். மெட்டு என்றால், குரல் யாருடையது என்ற பேச்சே அங்கே எடுபடாது. மெட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்று காட்ட வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. கிளெய்ம் வந்து ஐந்து நாளைக்குள் Dispute கொடுத்தால், முதல் நாளிலிருந்து வரும் வருமானம் யாருக்கும் போகாமல் தனியாக நிறுத்தி வைக்கப்படும். கடைசியில் ஜெயிப்பவருக்கு அது மொத்தமாகப் போகும். ஐந்து நாள் தாண்டினால், நீங்கள் கொடுத்த தேதியிலிருந்துதான் நிறுத்தி வைப்பார்கள், அதற்கு முன்னால் போனது போனதுதான். திருவிழா வீடியோவுக்கு முதல் சில நாள்தான் கூட்டம் என்பதால், நான் அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டேன்.

காரணம் கேட்கும் இடத்தில் Public domain தேர்ந்தெடுத்தேன். "இது ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியது, இரண்டாம் திருமுறை, நாற்பத்தேழாவது பதிகம். பண் சீகாமரம், ஓதுவார் மரபில் வழிவழியாகப் பாடப்படுவது. பாடியவர் என் மாமனார், வீட்டில் நாங்களே பதிவு செய்தோம். நீங்கள் குறிப்பிடும் பதிவில் வயலினும் மிருதங்கமும் உண்டு, இதில் இரண்டும் இல்லை." இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுதினேன். 'கடவுள் பாட்டுக்கு ஏது காப்பிரைட்' என்று மட்டும் எழுதாதீர்கள். பாட்டு பொதுச்சொத்தாக இருந்தாலும், ஒருவர் அதைப் பாடிப் பதிந்த பதிவுக்கு அறுபது வருஷம் உரிமை உண்டு.

பதில் சொல்ல எதிராளிக்கு முப்பது நாள் அவகாசம். பதிலே வராவிட்டால் கிளெய்ம் தானாக விழுந்துவிடும். எங்களுக்கு ஒரு விளக்கமும் இல்லாமல் நிராகரித்தார்கள். இந்த இடத்தில்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். நிராகரித்தால் ஸ்ட்ரைக் வராது, அடுத்த படி Appeal. இதையும் ஐந்து நாளைக்குள் செய்தால்தான் நிறுத்திவைத்த பணம் கைமாறாமல் இருக்கும். இங்கே உங்கள் பெயர், முகவரி எல்லாம் எதிராளிக்குப் போகும், யோசித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஏழு நாள்தான் உண்டு. அதற்குள் கிளெய்மை விட வேண்டும், இல்லையென்றால் வீடியோவை நீக்கச் சொல்லி முறையாகக் கேட்க வேண்டும். கேட்டால் ஸ்ட்ரைக் வரும். அப்போதும் நீங்கள் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். பத்து வேலை நாளுக்குள் அவர்கள் வழக்குப் போட்டதைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும். ஏழாம் நூற்றாண்டுப் பதிகத்துக்காக எந்தக் கம்பெனி கோர்ட்டுக்குப் போகும்? எங்கள் விஷயத்தில் அந்த ஏழு நாளுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். நிறுத்திவைத்த பணமும் வந்தது.

கேட்காததைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், மனசு ஆறவில்லை. மாட வீதியில் சாமி வரும்போது போனைத் தூக்கிப் பிடிக்கிற கூட்டம், பின்னால் தேவாரம் பாடிக்கொண்டு வருகிறவர்களுக்கு வழிகூட விடுவதில்லை. முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். வயதானவர்கள் தாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரம் ஒதுங்க வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லாப் பக்திப் பாட்டுக்கும் இந்த வாதம் செல்லாது. திருப்பாவை ஆண்டாளுடையதுதான். ஆனால் கச்சேரிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டு. அவர் மறைந்தது 1967. நம் சட்டப்படி ஆயுளுக்குப் பின் அறுபது வருஷம் என்றால், அந்த மெட்டுக்கு 2027 முடியும்வரை உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வது நல்லது. பாபநாசம் சிவன் கிருதிகளுக்கு 2033 வரை.

இன்னொன்று, உங்கள் ஓதுவார் முன்பு எப்போதாவது கேசட் கம்பெனிக்குப் பாடிக் கொடுத்தாரா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால், நீங்கள் ஏற்றியது அந்தப் பழைய பதிவா, புதிதாகப் பாடியதா என்று பாருங்கள். பழைய பதிவு என்றால், குரல் அவருடையதாகவே இருந்தாலும் உரிமை கம்பெனியிடம் இருக்கலாம். அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் Dispute பொத்தானைத் தொடாதீர்கள்.