அப்பத்தாவின் இரண்டாவது மூக்குத்தி எங்கே போனது?

கேள்வி: 1962-இல் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குழுப் படம் ஒன்று இருக்கிறது. அதில் அப்பத்தாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் திவசத்துக்குச் சட்டம் போடலாம் என்று கைபேசிச் செயலி ஒன்றில் கொடுத்தேன். முகம் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. அப்பாவோ பார்த்துவிட்டு, "யாரோ மாதிரி இருக்கிறார், என் அம்மா இல்லை" என்கிறார். செயலி தெளிவாக்கத்தானே செய்தது, முகம் எப்படி மாறும்? எது சரி, எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, காரைக்குடி)

பதில்: அப்பா சொல்வதுதான் சரி. நீங்கள் அனுப்பிய இரண்டு கோப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பழைய படத்தில் அப்பத்தாவின் மூக்கில் இரு பக்கமும் மூக்குத்தி இருக்கிறது. செயலி தந்த முகத்தில் நிழல் பக்கத்து மூக்குத்தி மச்சமாகிவிட்டது. வெளிச்சப் பக்கத்தது மூக்கின் மேல் விழுந்த பளபளப்பாகக் கரைந்துவிட்டது. மூடியிருந்த உதடுகள் லேசாகத் திறந்து, பல் மருத்துவர் விளம்பரம் போல வரிசைப் பற்கள் தெரிகின்றன. பாம்படம் தொங்கும் காது பாதி கூர்மையாகவும் பாதி மங்கலாகவும் நிற்கிறது.

இது ஏன் என்று புரிய, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அசல் படம் 6 அங்குல அகலம், அதில் அப்பத்தாவின் முகம் 6 மில்லிமீட்டர் உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு 1600 பிக்சல் அகலம். அப்படியானால் முகத்துக்குக் கிடைத்தது மேலிருந்து கீழாக 63 பிக்சல்தான். ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 10 பிக்சல். மூக்குத்திக்கு இரண்டோ மூன்றோ. பழைய படத்தாளின் கிரெய்ன் புள்ளியும் ஜேபெக் சுருக்கம் உண்டாக்கும் அழுக்கும் அதே அளவுதான் இருக்கும். புள்ளிகளை நீக்கும் கருவிக்கு மூக்குத்திக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. அக்கம்பக்கத்தோடு ஒட்டாத சின்னப் புள்ளி எதுவானாலும் அதன் கண்ணுக்கு அது அழுக்கு. நெற்றியில் இட்ட விபூதிக் கீற்றும் இப்படித்தான் பல வீட்டுப் படங்களில் துடைக்கப்பட்டுவிடுகிறது.

அடுத்தது முகச் சீரமைப்பு. ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் போன்ற கருவிகள் முதலில் கண், மூக்கு, வாய் இருக்கும் இடங்களைக் கண்டுபிடிக்கும். முகத்தை நேராக்கி 512-க்கு 512 பிக்சல் சதுரத்தில் வைக்கும். அந்தச் சதுரத்துக்குள் புதிய முகத்தை உருவாக்கி, திரும்பப் படத்தில் ஒட்டும். சதுரத்தில் முகத்தைச் சுற்றி இடமும் விடப்படுவதால், 63 பிக்சல் உயர முகம் ஏறத்தாழ ஆறு மடங்காகும்; அப்போது அசலில் ஒரு பிக்சல் இருந்த இடத்தில் ஏறத்தாழ 36 பிக்சல் வர வேண்டும். அசலில் இல்லாத அத்தனையையும் கருவிதான் போட்டு நிரப்புகிறது.

எதைப் பார்த்து நிரப்புகிறது? பயிற்சியின்போது அதற்குத் தெளிவான முகங்களைக் காட்டி, அவற்றையே மங்கலாக்கி, சிறிதாக்கி, புள்ளி தூவிக் கொடுத்து, "பழையபடி ஆக்கு" என்று பழக்குகிறார்கள். ஆனால் ஒரே மங்கல் முகத்துக்குப் பொருந்தக்கூடிய தெளிவான முகங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் சராசரியைக் கொடுத்தால் கருவி பெரிய தவறு எதுவும் செய்யாது, ஆனால் படம் மாவு பூசியதுபோல மங்கலாக இருக்கும். யாரும் அதை விரும்பமாட்டார்கள். அதனால் மங்கலாக வந்தால் மதிப்பெண் குறையும் என்று இன்னொரு கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பழக்குகிறார்கள். கருவி அப்போது சராசரியை விட்டுவிட்டு, பொருந்தக்கூடிய ஆயிரம் முகங்களில் ஏதோ ஒன்றைத் துணிந்து எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பார்த்த கூர்மை அந்தத் துணிச்சலிலிருந்து வந்தது.

எடுத்துக்கொள்வது எது என்பதைப் பயிற்சிப் படங்கள் தீர்மானிக்கின்றன. மேலே சொன்ன இரண்டு கருவிகளும் எஃப்எஃப்ஹெச்க்யூ என்ற தொகுப்பில் பழகியவை. ஃபிளிக்கர் தளத்தில் பலரும் ஏற்றியிருந்த படங்களிலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் அதில் இருக்கின்றன. பெரும்பாலும் இக்காலத்து டிஜிட்டல் வண்ணப் படங்கள், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நிறைய. இருபக்க மூக்குத்தியும் பாம்படமும் அணிந்த செட்டிநாட்டு அப்பத்தாக்கள் அதில் எத்தனை பேர் இருந்திருக்கப்போகிறார்கள்? கருவி பார்த்தே அறியாத நகையை அது வரையாது. தான் அறிந்த மச்சமாகவோ பளபளப்பாகவோ அதை மாற்றிக்கொள்ளும். உங்கள் கைபேசிச் செயலிக்குள் எந்தக் கருவி இருக்கிறதென்று அதன் திரையில் எழுதியிருக்காது. அது செய்திருக்கும் வேலை இந்த வகையைச் சேர்ந்தது.

இனி, தவறைக் கண்டுபிடிப்பது எப்படி? நான் உங்கள் படத்தில் செய்ததையே சொல்கிறேன். கணினியில் ஜிம்ப் மென்பொருளைத் திறந்து, பழைய முகத்தை எந்தச் சீரமைப்பும் இல்லாமல் வெறுமனே பெரிதாக்கி, செயலி தந்த முகத்தின் அளவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டையும் இரு அடுக்குகளாக வைத்து, மேல் அடுக்கின் கண் குறியை அழுத்தி அழுத்தி மறைத்துக் காட்டினால் போதும், மாறியது துள்ளித் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் துள்ளல் கிடைக்காது. தெளிவான படம் நம் கண்ணை வசப்படுத்திவிடும். பிறகு அடுக்கின் முறையை Difference என்று மாற்றினேன். மாறாத இடம் கறுப்பாகும், மாறிய இடம் வெளுக்கும். விளிம்புகளில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் எப்போதும் வரும். அவை கூர்மை கூடியதன் அடையாளம், கவலையில்லை. திட்டுத்திட்டாக வெளுக்கும் இடங்களைத்தான் தேட வேண்டும். உங்கள் படத்தில் மூக்கின் இரு பக்கமும், வாயும், இடது கண்ணின் வெளி ஓரமும் அப்படி வெளுத்தன. அந்தக் கண் அசலில் சற்றுச் சரிந்திருக்கிறது. செயலி இரண்டு கண்களையும் சமமாக்கிவிட்டது. அப்பாவுக்கு "யாரோ மாதிரி" என்று பட்டதற்கு மூக்குத்தியைவிட இதுதான் பெரிய காரணமாக இருக்கும்.

வேறொரு சோதனையையும் பலர் சொல்வார்கள்: விடையைத் திரும்ப 63 பிக்சலுக்குச் சிறிதாக்கி அசலோடு ஒப்பிட்டால், ஒத்துப்போகிறதா என்று தெரியும் என்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் தவறு என்பது உறுதி. ஆனால் ஒத்துப்போனால் சரி என்று ஆகாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் உருவாக்கிய 'பல்ஸ்' என்ற கருவி, சிறிதாக்கினால் அசலோடு பொருந்தும் முகத்தைத்தான் தேடியெடுக்கும். பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை அதில் கொடுத்தபோது, வெள்ளைக்காரர் ஒருவரின் முகம் வந்தது. சிறிதாக்கும் சோதனையை மட்டும் நம்பினால் அந்த ஆள்தான் ஒபாமா என்று முடிவுகட்ட வேண்டியிருக்கும்.

அதைவிடப் பயனுள்ளது, கருவியைக் குழப்பிப் பார்ப்பது. படத்தை இடவலமாகத் திருப்பிக் கொடுத்து, வந்ததை மறுபடி திருப்பிக்கொள்ளுங்கள். அல்லது கத்தரிக்கும் எல்லையைச் சில பிக்சல் நகர்த்திக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும் அம்சம் அசலில் இல்லை, கருவி இட்டது. உங்கள் படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது பல்வரிசை காணாமல் போய், உதடு மூடிக்கொண்டது. மாறாமல் இருப்பதெல்லாம் உண்மை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஒரே தொகுப்பில் பழகிய கருவிகள் ஒரே பொய்யை ஒற்றுமையாகச் சொல்லும்.

கணினியில் கோட்ஃபார்மரை ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அசலுக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்பதற்கு அதில் `-w` என்ற அளவு இருக்கிறது. 0 என்றால் அழகுக்கு முன்னுரிமை, 1 என்றால் அசலுக்கு.

```
python inference_codeformer.py -w 0 --input_path appatha.png
python inference_codeformer.py -w 1 --input_path appatha.png
```

இரண்டு விடைகளுக்கும் இடையே எங்கெல்லாம் முகம் மாறுகிறதோ, அங்கெல்லாம் அசலில் ஆதாரம் குறைவு. 1 என்று வைத்தாலும் அது அசலாகிவிடாது, கற்பனை குறையும், அவ்வளவுதான்.

காதைத் தனியாகப் பாருங்கள். கருவி முகத்தை மட்டும் மாற்றி ஒட்டுவதால், ஒட்டின எல்லை பெரும்பாலும் காது, கழுத்து, முடி ஓரங்களில் விழும். கன்னம் வழவழப்பாகவும் கழுத்தில் கிரெய்ன் அப்படியே நிற்கவும் கண்டால், எல்லை அங்கே ஓடுகிறது. அதற்கு உள்ளே இருக்கும் எதையும் சோதிக்காமல் ஏற்காதீர்கள்.

அப்பாவிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒருமுறை நண்பர் ஒருவருக்கு அவருடைய தாத்தா படத்தைச் சீர் செய்துகொடுத்தேன். வீட்டில் எல்லோரும் "அப்படியே இருக்கிறார்" என்றார்கள். மாதங்கள் கழித்து வேறொரு படம் கிடைத்தபோதுதான், புருவத்தை வெட்டிக்கொண்டு போன தழும்பைக் கருவி மூடியிருந்தது தெரிந்தது. புதுப் படத்தைப் பார்த்த பிறகு நினைவு அதற்கு ஏற்றபடி வளைந்துவிடுகிறது. ஆகவே படத்தைக் காட்டாமல் முதலில் கேளுங்கள்: மூக்குத்தி கல் வைத்ததா, மச்சம் எங்கே, பல் எப்படி, எந்தக் கண் சிறியது? எழுதி வைத்துக்கொண்டு, பிறகு படத்தோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் சட்டத்துக்கு வழி, செயலியை மாற்றுவது அல்ல, அசல் படத்தை மீண்டும் ஸ்கேன் செய்வது. கறுப்பு வெள்ளைப் படத்தாள் நாம் நினைப்பதைவிட நிறைய விவரம் தாங்கும். 1200 டிபிஐ-இல், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அதே 6 மில்லிமீட்டர் முகத்துக்கு 283 பிக்சல் கிடைக்கும். மூக்குத்திக்கு 12 பிக்சல். அசல் அச்சே மங்கலாக இருந்தால் இத்தனை பிக்சலும் மங்கலைத்தான் பெரிதாகக் காட்டும், ஆனாலும் அது அப்பத்தாவின் மங்கல். ஸ்கேனரின் தானியங்கித் தூசி நீக்கத்தையும் கூர்மையாக்கத்தையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். டிஐஎஃப்எஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில்தான் வர வேண்டும் என்றால் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த 283 பிக்சலை அங்குலத்துக்கு 200 என்ற கணக்கில் அச்சிட்டால் முகம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிற படம் என்பதால் இரண்டு அங்குலம் வரை இழுக்கலாம். அதற்கு மேல் கேட்டால் மறுபடியும் கற்பனைதான் நிரப்பும். முகம் மட்டும் சட்டம் முழுக்க இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டு, தோளும் முந்தானையும் தெரியும்படி அரையுருவமாக வெட்டுங்கள்.

கிரெய்ன் அதிகமாகத் தெரிந்தால், புள்ளி நீக்கிய படத்தை அசலின் மேல் அடுக்காக வைத்து, அந்த அடுக்கின் Opacity அளவை 30 சதவீதமாக்கிக் கலந்தால் போதும். கண், மூக்கு, வாய், காது ஆகிய இடங்களில் மேல் அடுக்கை அழித்துவிடுங்கள். அங்கே அசல் மட்டும் இருக்கட்டும். கன்னத்தையும் பின்னாலிருக்கும் பந்தலையும் எவ்வளவு வேண்டுமானாலும் துடைக்கலாம், அப்பா கோபிக்கமாட்டார்.