பழைய வாடிக்கையாளர் நம்பரைக் கேட்டால்…

ஐயா,
உட்லண்ட்ஸில் சின்ன அளவில் வீட்டுப் புதுப்பிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். போன வாரம் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். நாலறை வீடு, இரண்டு குளியலறையும் சமையலறையும் செய்ய வேண்டுமாம். வீட்டைப் பார்க்க வரட்டுமா என்றால், "முதலில் மூன்று பழைய வாடிக்கையாளர் நம்பர் அனுப்புங்கள், பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார். அனுப்பினால் அவர்கள் கோபிப்பார்களோ என்று பயம். அனுப்பாவிட்டால் வேலை போய்விடுமோ என்றும் பயம். என்ன பதில் சொல்வது?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர் கேட்டதில் தப்பில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போன குத்தகையாளர்களைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதனால் முகம் சுளிக்காமல் பதில் போடுங்கள். ஆனால் நம்பரை இன்றைக்கு அனுப்பாதீர்கள்.

வீட்டுக்காரர் தன் கைபேசி எண்ணை உங்களிடம் கொடுத்தது அவர் வீட்டு வேலைக்காக. அதை வேறொருவருக்குக் கொடுக்க அவருடைய சம்மதம் வேண்டும் என்கிறது சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தனி ஆளாகத் தொழில் செய்கிறவருக்கும் அது பொருந்தும். அலுவலகங்களுக்கு வேலை செய்திருந்தால், தொழில் நிமித்தமாகக் கொடுத்த பெயரட்டை எண்ணுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே மரியாதை.

இப்படி எழுதலாம்:

"வணக்கம். நீங்கள் தாராளமாக அவர்களிடம் பேசலாம். ஆனால் கேட்காமல் யார் நம்பரையும் நான் கொடுப்பதில்லை. வீட்டைப் பார்த்து, விலை பேசிய பிறகு, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இதே மாதிரி வேலை செய்துகொண்ட இருவரைப் பேச வைக்கிறேன். அதுவரை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் குத்தகையாளர் பட்டியலில் எங்கள் பெயரையும், நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் எங்கள் யூஇஎன் பதிவு எண்ணையும் பார்த்துக்கொள்ளலாம். வீடு கட்டி எத்தனை வருடம் ஆகிறது? உங்களுக்கு முக்கியமான கவலை எது: கசிவா, தாமதமா, பணமா?"

கடைசி இரண்டு கேள்விகள்தான் இதில் முக்கியம். புது வீவக வீடு என்றால், கழகம் போட்டுக் கொடுத்த குளியலறை ஓடுகளை முதல் மூன்று வருடத்துக்கு உடைக்கக் கூடாது. அப்போது வேலையே வேறு, அவர் யாரிடம் பேச வேண்டும் என்பதும் மாறிவிடும்.

கவலை கசிவு என்றால், போன மாதம் முடித்த வீட்டுக்காரரைக் கொடுத்துப் பயனில்லை. ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள், சுத்தமாக இருந்தது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. நீர்த்தடுப்புப் பூச்சு சரியாக இல்லையென்றால், கொஞ்ச காலம் கழித்துத்தான் கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரியும். ஒன்றிரண்டு வருடம் அந்தக் குளியலறையைப் புழங்கியவர்தான் சரியான ஆள். கவலை தாமதம் என்றால், ஓடு வந்து சேராமல் வேலை தள்ளிப்போன வீடு ஒன்று உங்களுக்கும் இருந்திருக்கும். அந்த நாட்களில் ஒழுங்காகத் தகவல் சொன்னீர்கள் என்றால் அவரையே கொடுங்கள். குறையே சொல்லாத வாடிக்கையாளரை விட, குறை வந்து அதைச் சரி செய்து கொடுத்த வாடிக்கையாளரின் பேச்சை ஜனங்கள் நம்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம், அந்தப் பழைய வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள். போன வருடம் சரி என்றது இந்த ஆளுக்கும் சரி என்று ஆகாது. "நாலறை வீட்டுக்காரர் ஒருவர் குளியலறைக் கசிவு பற்றிக் கேட்க விரும்புகிறார், பத்து நிமிடம் போதும், வசதியில்லை என்றால் விட்டுவிடுங்கள் அண்ணா" என்று எழுதினால் போதும். புது ஆளின் எண்ணை, அவர் சம்மதத்தோடு, பழையவருக்கு அனுப்பி அவரையே அழைக்கச் சொல்வது இன்னும் நல்லது. எப்போது பேசுவது என்பது அப்போது அவர் கையில் இருக்கும். எவ்வளவு வெள்ளி ஆனது என்று கட்டாயம் கேட்பார்கள். அதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம் என்று பழையவரிடமும், அது அன்றைய விலை என்று புதியவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை கிடைத்ததா இல்லையா என்று பிறகு ஒரு வரி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற எல்லோருக்கும் அவர் பெயரைக் கொடுத்தால், அடுத்த முறை உங்கள் அழைப்பையே எடுக்க மாட்டார்.

உண்மையில் வேலை இருக்கிறவர் உங்கள் பதிலைப் பார்த்ததும் வீட்டைப் பற்றிப் பேசுவார். சாவி எப்போது கிடைக்கும், பழைய வீடா, கசிவு எங்கே என்றெல்லாம் வரும். புளோக் எண் கூடச் சொல்லாமல் "மூன்று நம்பர்" என்றே நிற்கிறவர், போட்டிக் கடைக்காரராகவும் இருக்கலாம், சும்மா விலை விசாரிக்கிறவராகவும் இருக்கலாம். அவரிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள்.